தைராய்டு மாத்திரை, அயர்ன் மாத்திரை, நடுவுல காபி: எதுக்கப்புறம் எவ்ளோ நேரம் காத்திருக்கணும்?

தூக்கக்கலக்கம்:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க. எனக்கு 41 வயசு. தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை ஆறு வருஷமா போட்டுட்டிருக்கேன், தைராய்டு ஹார்மோன் குறைஞ்சா ஏறுற டிஎஸ்எச் எப்பவும் 2, 3ன்னு ஒழுங்கா இருந்துச்சு. நாலு மாசம் முன்னாடி மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குதுன்னு டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 9.6, இரும்பு இருப்பைக் காட்டற ஃபெரிட்டின் 7. அயர்ன் மாத்திரை தினம் ஒண்ணு குடுத்தாங்க, 100 மில்லிகிராம். மூணு மாசம் ஒரு நாள் விடாம போட்டேன், திரும்பப் பாத்தா ஹீமோகுளோபின் 10.1 அவ்ளோதான், அதுக்கு மேல ஒரு கூத்து, நல்லா இருந்த டிஎஸ்எச் 9.2க்கு ஏறிடுச்சு. டாக்டர் தைராய்டு மாத்திரையை 100 ஆக்கிட்டார், அது ஆரம்பிச்சு பத்து நாள் ஆச்சு.

இப்ப தங்கச்சி சொல்றா, எல்லாத்துக்கும் நீ குடிக்கிற காபிதான் காரணம்னு. என் ரொட்டீன் இதான்: காலைல 6க்கு எந்திரிச்சு தைராய்டு மாத்திரை தண்ணில, பத்து நிமிஷத்துல பால் காபி (அது இல்லாம கண்ணே தொறக்காது). 8க்கு டிபன், கையோட அயர்ன் மாத்திரை, அப்புறம் ரெண்டாவது காபி. மதியம் 1க்கு சாப்பாடு, 4க்கு மூணாவது காபி. ராத்திரி 8க்கு சாப்பாட்டோட கால்சியம் மாத்திரை. காபிய விட்டுடணுமா, இல்ல நேரத்தை மட்டும் மாத்தினா போதுமா? எவ்ளோ நேரம் கேப் விடணும்?

கணக்குப்புலி:
காபில இருக்கிற கஃபைன் இரும்பை உறிஞ்ச விடாது, இது தெரிஞ்ச விஷயம்தான். ஈஸியான வழி, கஃபைன் எடுத்த காபிக்கு மாறிடுங்க, எப்ப வேணாலும் குடிக்கலாம், பிரச்சனை ஓவர்.

ரெண்டாவது டம்ளர்:
சும்மா பயமுறுத்தாதீங்கப்பா. நான் முப்பது வருஷமா சாப்பிட்டு கை கழுவின உடனே காபி குடிக்கிற ஆளு, போன மாசம்தான் டெஸ்ட் எடுத்தேன், ஹீமோகுளோபின் 15. காபி இரும்பைத் திங்கும்னா நான் இந்நேரம் படுக்கைலல்ல இருக்கணும்?

சீட்டுப்படி:
தூக்கக்கலக்கம், நான் இருவது வருஷத்துக்கு மேல மருந்துக்கடை கவுன்ட்டர்ல நிக்கிறவன், ஃபார்மசிஸ்ட். உங்க கேள்விக்கு வர்றதுக்கு முன்னாடி மேல இருக்கிற ரெண்டுக்கும் பதில் சொல்லிடறேன், ஏன்னா அது தெளிவாகலன்னா பின்னாடி குழப்பம்.

கணக்குப்புலி தம்பி, இரும்பு விஷயத்துல வில்லன் கஃபைன் இல்ல. காபிக்கொட்டைல பாலிஃபீனால்னு ஒரு கூட்டம் இருக்கு, முக்கியமா குளோரோஜெனிக் ஆசிட், அதுதான் வயித்துக்குள்ள இரும்பைப் புடிச்சு வச்சுக்குது, குடலுக்கு விடறதில்ல. கஃபைனை எடுத்தாலும் அந்தக் கூட்டம் அங்கேயேதான் இருக்கும். கஃபைன் எடுத்த காபிக்கு மாறினா ராத்திரி தூக்கம் வேணா வரும், இரும்புக்கு பெருசா ஒண்ணும் நடக்காது. கண்ணால பாக்கணும்னா ஒரு அயர்ன் மாத்திரையைத் தூளாக்கி பால் சேர்க்காத டீத்தண்ணில போட்டுக் கலக்கிப் பாருங்க, கொஞ்ச நேரத்துல மை மாதிரி கறுத்துடும். அந்தக் காலத்துல எழுதற மையே இந்த மாதிரி துவர்ப்புச் சாறோட இரும்பு உப்பைச் சேர்த்துப் பண்ணதுதான். டம்ளர்ல நடக்கிறதுதான் வயித்துலயும் நடக்குது.

ரெண்டாவது டம்ளர் சார், உங்க 15ம் உண்மை, இந்தம்மாவோட 10ம் உண்மை. உடம்புல இருப்பு நல்லா இருக்கிறவங்களுக்கு எப்படியும் குடல் தேவைக்கு மேல உள்ள விடாது, காபி கொஞ்சம் தடுத்தாலும் தெரியாது. ஆம்பளைக்கு மாசாமாசம் ரத்தமும் போகாது. அப்புறம் நீங்க இறைச்சி சாப்பிடறவரா இருந்தா அதுல வர்ற இரும்புல ஒரு பங்கு வேற மாதிரி கட்டமைப்புல இருக்கும், அதைக் காபி அவ்வளவா தொடறதில்ல. கீரை, பருப்பு, தானியம், அப்புறம் மாத்திரைல வர்ற இரும்பைத்தான் காபி புடிக்கும். இருப்பு 7ல நிக்கிற ஒருத்தருக்கு ஒவ்வொரு வேளையும் கணக்கு.

ரெண்டாவது டம்ளர்:
இறைச்சி சாப்பிடுவேன், வாரத்துல நாலு நாள். சரி, ஒத்துக்கறேன். ஆனா எவ்ளோதான் தடுக்கும், ஒரு நம்பர் சொல்லுங்க. "தடுக்கும் தடுக்கும்"னா என்ன அர்த்தம், 2 பர்சன்ட்டா 50ஆ.

சீட்டுப்படி:
நியாயமான கேள்வி. 1983ல அமெரிக்காவுல பண்ணின ஒரு ஆராய்ச்சி ரொம்பப் பிரபலம், சாப்பாட்டோட ஒரு கப் காபி குடிச்சவங்களுக்கு இரும்பு ஏறுறது 39 சதவீதம் குறைஞ்சுது, அதே சாப்பாட்டோட டீ குடிச்சா 64 சதவீதம். அதாவது டீ இன்னும் மோசம், காபிய விட்டு டீக்கு மாறலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. காபி எவ்ளோ ஸ்ட்ராங்கோ அவ்ளோ தடை.

அதே ஆராய்ச்சில இன்னொண்ணு பாத்தாங்க, எனக்கு அதுதான் ரொம்ப முக்கியம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் *முன்னாடி* காபி குடிச்சா ஒரு பாதிப்பும் இல்ல. ஆனா சாப்பிட்டு ஒரு மணி நேரம் *கழிச்சு* குடிச்சா, கூடவே குடிச்ச மாதிரியே அதே அளவு தடுத்துச்சு. ஏன்னா முன்னாடி குடிச்ச காபி வயித்தை விட்டு எறங்கிப் போயிடுது, சாப்பாடு மட்டும் ரெண்டு மூணு மணி நேரம் வயித்துலயே உக்காந்திருக்கும், அப்ப மேல ஊத்தற காபி அதோடதான் கலக்கும். நம்ம ஆளுங்க எல்லாரும் "சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தானே குடிக்கிறேன்"னு சொல்றாங்க பாருங்க, அது அவ்வளவு கெட்டியான வேலி இல்ல.

கணக்குப்புலி:
கஃபைன் விஷயம் தப்பா சொல்லிட்டேன், சரி. ஆனா ஒரு மணி நேரம் போதும்னு நானே ஒரு ஆராய்ச்சி படிச்சிருக்கேன் சார், 2017ல வந்தது, டீ வச்சுப் பண்ணது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிச்சா தடை நல்லாவே குறையுதுன்னு இருந்துச்சு. அப்ப உங்க 1983 பழசாயிடுச்சா?

சீட்டுப்படி:
நீங்க சொல்றதும் சரிதான், நானும் பாத்தேன். ஆனா அது டீ, இது காபி, சாப்பாடும் வேற வேற, 2017ல மொத்தமே 12 பெண்கள்தான், அவங்களுக்கு ரத்தசோகையும் இல்ல. ரெண்டையும் தராசுல வச்சு இதான் முடிவுன்னு என்னால சொல்ல முடியாது. ஆரோக்கியமா இருக்கிறவங்க ஒரு மணி நேரத்தோட விட்டுடலாம், ஃபெரிட்டின் 7 இருக்கிறவங்க ரெண்டு மணி நேரம்னு வச்சுக்கிட்டா நஷ்டம் ஒண்ணும் இல்ல. நான் கவுன்ட்டர்ல அப்படித்தான் சொல்றேன்.

ரிட்டயர்டு சார்:
நல்ல விவாதம். என் அனுபவம் ஒன்று. என் மனைவிக்கு எலும்புத் தேய்மானத்திற்கு வாரம் ஒரு மாத்திரை, 70 மில்லிகிராம், ஞாயிறு காலை. அவள் ஒரு வருடம் அதைக் காபியோடுதான் விழுங்கினாள், நானே போட்டுக் கொடுத்த காபி. பிறகுதான் அட்டையோடு வந்த காகிதத்தைப் படித்தேன், வெறும் தண்ணீரில் மட்டும், அதன்பின் அரை மணி நேரம் எதுவும் கூடாது, படுக்கவும் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஒரு வருட மாத்திரை வீணா? அந்த மாத்திரையிலும் இரும்பு இருக்கிறதா?

சீட்டுப்படி:
சார், அதுல இரும்பு இல்ல, அது எலும்பு கரையறதை நிறுத்தற மாத்திரை, கதை வேற. அது நல்ல நாள்லயே 100ல ஒண்ணு கூட உடம்புக்குள்ள ஏறாத மருந்து. காபியோட போட்டா அந்தக் கொஞ்சத்துலயும் 60 சதவீதம் போயிடும். முழுசா வீண்னு சொல்ல முடியாது, பாதிக்கு மேல வீண். அந்த அரை மணி நேரம் படுக்கக் கூடாதுங்கிறது காபிக்காக இல்ல, மாத்திரை உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டா புண்ணாக்கிடும், அதுக்காக. ஒரு டம்ளர் நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க, அடுத்த தடவை டாக்டரைப் பாக்கும்போது ஒரு வருஷம் இப்படிப் போட்டாங்கன்னு மறைக்காம சொல்லிடுங்க, மருந்து வேலை செய்யலன்னு அவர் தப்பா நெனச்சுடக் கூடாதுல்ல.

ரிட்டயர்டு சார்:
சொல்லிவிடுகிறேன். காபி போட்டுக் கொடுத்தது நான் என்பதையும் சொல்ல வேண்டுமா?

சீட்டுப்படி:
அது உங்க வீட்டு விவகாரம் சார் :)

இப்ப தூக்கக்கலக்கம் விஷயத்துக்கு வருவோம். உங்க நாளை நான் பாத்ததுல மூணு எடத்துல மோதல் இருக்கு. ஒண்ணு, தைராய்டு மாத்திரை போட்டு பத்து நிமிஷத்துல காபி. 2008ல இத்தாலில டாக்டருங்க இதையே கவனிச்சு எழுதினாங்க, மாத்திரையைக் காபியோட சேர்த்தோ உடனேயோ குடிச்ச ஆளுங்களுக்கு டிஎஸ்எச் எறங்கவே மாட்டேங்குது, அதே ஆளுங்க தண்ணில போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் காபி குடிச்சா சரியாயிடுச்சு. ரெண்டு, அயர்ன் மாத்திரையும் சாப்பாடும் காபியும் ஒரே நேரத்துல. மூணாவதுதான் யாரும் கவனிக்காதது: தைராய்டு மாத்திரைக்கும் அயர்ன் மாத்திரைக்கும் நடுவுல உங்ககிட்ட ரெண்டே மணி நேரம்தான். இரும்பும் தைராய்டு ஹார்மோனைப் புடிச்சுக்கும், கால்சியமும் புடிச்சுக்கும், நாலு மணி நேரம் தள்ளி வைக்கணும்.

யோசிச்சுப் பாருங்க, ஆறு வருஷமா அதே காபியைத்தானே குடிக்கிறீங்க? அப்ப டிஎஸ்எச் ஒழுங்காத்தானே இருந்துச்சு? அந்த 75ங்கிற அளவே காபியையும் சேர்த்து அமைஞ்ச அளவு. காபி தின்னது போக மிச்சம் உங்களுக்குச் சரியா இருந்துச்சு. நாலு மாசம் முன்னாடி புதுசா வந்தது அயர்ன் மாத்திரை, அதுக்கப்புறம்தான் 9.2. அதனால தங்கச்சி சொல்றது பாதி சரி, ஹீமோகுளோபின் ஏறாததுக்குக் காபிக்குப் பங்கு உண்டு, டிஎஸ்எச் திடீர்னு எகிறினதுக்கு எனக்கு முதல் சந்தேகம் அயர்ன் மேல.

தூக்கக்கலக்கம்:
ஐயோ இந்தக் கோணத்துல நான் யோசிக்கவே இல்ல. டாக்டர் டோஸ் ஏத்தும்போது எப்ப என்ன சாப்பிடறீங்கன்னு கேக்கல, நானும் சொல்லல, அஞ்சு நிமிஷத்துல சீட்டு எழுதிக் குடுத்துட்டார். அப்ப நாளைக்கே எல்லா நேரத்தையும் மாத்திடட்டுமா?

சீட்டுப்படி:
மாத்தலாம், ஆனா டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாத்துங்க. இதை அழுத்திச் சொல்றேன். மாத்திரை சரியா ஏறாத நிலைமைய வச்சு உங்களுக்கு 100 ஆக்கியிருக்காங்க. இப்ப நீங்க காபியையும் அயர்னையும் தள்ளி வச்சா முழு 100ம் ஏறும், 75லயே காபியோட சரியா இருந்த உடம்புக்கு அது கூடப் போயிடலாம். படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத வேர்வை, தூக்கம் வராதது, எடை குறையறது, இதெல்லாம் வந்தா ஆறு வாரம் வரைக்கும் காத்திருக்காதீங்க. ஒண்ணும் வரலன்னாலும் ஆறுலேர்ந்து எட்டு வாரத்துல டிஎஸ்எச் பாத்தாகணும், அதுக்கு முன்னாடி பாத்தா பிரயோஜனம் இல்ல, அந்த ஹார்மோன் உடம்புல பாதியாக் குறையவே ஒரு வாரம் ஆகும், மெதுவாத்தான் நிலைக்கு வரும்.

நேரம் நான் இப்படி வைப்பேன். 6க்கு தைராய்டு மாத்திரை, தண்ணி மட்டும். 7க்கு காபி. 8க்கு டிபன், காபி ஒரு மணி நேரம் முன்னாடியே போயிட்டதால டிபன்ல இருக்கிற இரும்புக்குப் பிரச்சனை இல்ல. டிபனுக்கு அப்புறம் இருக்கிற அந்த ரெண்டாவது காபி மட்டும் போகணும், அது உங்க நாள்லயே மோசமான காபி. 11க்கு அயர்ன் மாத்திரை, தண்ணியோட, முடிஞ்சா கொஞ்சம் எலுமிச்சை புழிஞ்சு. தைராய்டுக்கும் இதுக்கும் அஞ்சு மணி நேரம், காபிக்கும் இதுக்கும் நாலு, டிபன் முடிஞ்சு மூணு. 1க்கு சாப்பாடு. 4க்கு காபி, தாராளமா குடிங்க. ராத்திரி சாப்பாட்டோட கால்சியம் அப்படியே இருக்கட்டும்.

வெயில்காலம்:
இவ்ளோ பேசறீங்க, அந்தம்மாவுக்கு இரும்பு எங்க போகுதுன்னு யாராச்சும் கேட்டீங்களா? 41 வயசு, ஃபெரிட்டின் 7. அக்கா, மாசம் மாசம் ரத்தப்போக்கு எப்படி இருக்கு? எத்தனை நாள்?

தூக்கக்கலக்கம்:
ஏழெட்டு நாள் மா. முதல் மூணு நாள் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பேட் மாத்தணும், கட்டி கட்டியா வேற போகும். ஒரு ரெண்டு வருஷமா இப்படித்தான், வயசுக்கு அப்படி இருக்கும்னு விட்டுட்டேன்.

வெயில்காலம்:
அக்கா அது சாதாரணம் இல்ல. நான் இதே மாதிரி ஒன்றரை வருஷம் காபி மேலயும் டயட் மேலயும் பழி போட்டுட்டு சுத்தினேன், கடைசில கர்ப்பப்பைல நார்க்கட்டி. தொட்டில ஓட்டையை வச்சுட்டு குழாய் எவ்ளோ வேகமா வருதுன்னு பாக்கறதுல என்ன இருக்கு. மகளிர் டாக்டர்கிட்ட போய் ஒரு ஸ்கேன் எடுங்க.

சீட்டுப்படி:
வெயில்காலம் சொல்றதுதான் என் பதிலை விட முக்கியம். கவுன்ட்டர்ல நின்னு நின்னு மாத்திரை நேரத்தையே பாத்துப் பழகிட்டேன்.

கணக்குப்புலி:
சீட்டுப்படி சார் டைம்டேபிள்ல ஒரு குறை சொல்லட்டா? அயர்ன் காலைல வெறும் வயித்துல போட்டாத்தான் நல்லா ஏறும். 2023ல ஸ்விட்சர்லாந்துல இருப்பு குறைஞ்ச பெண்களுக்கு 100 மில்லிகிராம் குடுத்துப் பாத்தாங்க, காலைல ஏறுறதை விட மதியத்துக்கு மேல 37 சதவீதம் கம்மி. அதே ஆராய்ச்சில காபியோட போட்டா 54 சதவீதம் கம்மி, காபியும் டிபனும் சேர்ந்தா 66 கம்மி, அந்த டிபன்ல வைட்டமின் சி இருந்தும் காப்பாத்தல. அக்கா பண்ணிட்டிருந்தது அச்சு அசல் அந்த 66தான். அதனால தைராய்டு மாத்திரைய ராத்திரிக்குத் தள்ளிட்டு அயர்னைக் காலைல 6க்குப் போட்டா என்ன? 2010ல நெதர்லாந்துல ராத்திரி தைராய்டு மாத்திரை போட்டவங்களுக்கு டிஎஸ்எச் இன்னும் நல்லாவே எறங்கிச்சு. (இந்தத் தடவை சரியா படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.)

சீட்டுப்படி:
சரியாத்தான் படிச்சிருக்கீங்க தம்பி. கணக்குல உங்க வழி அழகா இருக்கு, ஆனா ராத்திரி மாத்திரைன்னா கடைசியா சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆகியிருக்கணும், 8க்குச் சாப்பிட்டா 11க்கு மாத்திரை, நடுவுல ஒரு பிஸ்கட், ஒரு டம்ளர் பால்னு கை போகக் கூடாது. அதோட அந்த 8 மணி கால்சியம் மதியத்துக்கு மாறணும், இல்லன்னா நாலு மணி நேரம் வராது. ராத்திரி தூங்கிப் போயி மாத்திரையை மறந்தவங்களை நான் நெறைய பாத்திருக்கேன். அப்புறம் 37 கம்மிங்கிறது மதியத்துக்கு மேல போட்டா, 11 மணிக்கு இல்ல.

கணக்குப்புலி:
11 மணிக்கு எவ்ளோன்னு அதுல பாக்கலையே. குறையலன்னும் சொல்ல முடியாதுல்ல.

சீட்டுப்படி:
சொல்ல முடியாது. ஆனா தினமும் நிஜமா நடக்கிற பகல் 11 மணி அயர்ன், ராத்திரி மறந்து போற தைராய்டு மாத்திரையை விட எனக்கு மேல்.

தூக்கக்கலக்கம்:
எனக்கு 11 மணி செட் ஆகும்னு தோணுது, ஆனா ஆபீஸ்ல 11 மணிக்குத்தான் எல்லாரும் காபிக்கு எந்திரிப்பாங்க, அதுதான் சோதனை. அயர்ன் போட்டு எவ்ளோ நேரத்துல காபி குடிக்கலாம்? இன்னொண்ணு, வெறும் வயித்துல போட்டா எனக்குக் குமட்டும், அதனாலதான் டிபனோட போட்டேன். மலம் கறுப்பா போகுது, அப்ப மாத்திரை நல்லா ஏறுதுன்னுதானே அர்த்தம்?

சீட்டுப்படி:
கடைசிக் கேள்விக்கு முதல்ல. கறுப்பா போறது உள்ள ஏறாம வெளிய போற இரும்பு, அதை வச்சு ஏறுதுன்னு சொல்ல முடியாது. அயர்ன் சாப்பிடறப்ப கறுப்பு சகஜம்தான், ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு கெட்ட வாடையோட போனா அது குடல்ல ரத்தம் கசியறதா இருக்கலாம், உடனே காட்டணும். ஏறுதான்னு சொல்றது ரத்த டெஸ்ட்தான், சரியா ஏறினா ஹீமோகுளோபின் நாலு வாரத்துல ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் கூடணும். உங்களுக்கு மூணு மாசத்துல அரை.

அயர்னுக்கு அப்புறம் காபிக்கு ஒரு மணி நேரம் கண்டிப்பா, ரெண்டு மணி நேரம்னா நிம்மதி. மாத்திரை வெறும் வயித்துல சாப்பாட்டை விட சீக்கிரம் எறங்கிடும், அதனால மேல சொன்ன சாப்பாட்டுக் கதை இதுக்கு அப்படியே பொருந்தாது. ஆனா 11க்குப் போட்டுட்டு 11.10க்கு ஆபீஸ் காபின்னா பழைய குருடி கதவைத் தெறடிதான். கூட்டத்தோட போங்க, கைல தண்ணி பாட்டில் வச்சுக்கோங்க.

குமட்டலுக்கு: ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஒரு டோஸ் போட்டா உடம்பே ஒரு நாள் பூரா இரும்புக்குக் கதவை ஒருக்களிச்சு வச்சுடுது, மறுநாள் போடறது அவ்ளோ ஏறாது, 2017லேர்ந்து இதைப் பத்தி நல்ல ஆராய்ச்சி எல்லாம் வந்திருக்கு. நெறைய டாக்டருங்க இப்ப அப்படிக் குடுக்கிறாங்க. நீங்களா மாத்தாதீங்க. அப்புறம் வயித்தெரிச்சலுக்குக் காலைல எதாவது மாத்திரை போடறீங்களா? கேக்க மறந்துட்டேன். ஆசிட்டைக் குறைக்கிற மாத்திரை இருந்தா இரும்பும் ஏறாது, தைராய்டும் சரியா ஏறாது.

தூக்கக்கலக்கம்:
அது போடறதில்ல. தப்பிச்சேன்.

மல்லித்தூள்:
இடைல வர்றேன், மன்னிக்கவும். எனக்குச் சளிக்கு ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, சிப்ரோஃப்ளாக்சசின். அஞ்சு நாளா ராத்திரி தூக்கமே இல்ல, நெஞ்சு படபடன்னு இருக்கு. நான் நாலு காபி குடிப்பேன், எப்பவும் குடிக்கிறதுதான். எனக்கும் இரும்பு ஏறாத பிரச்சனையா?

சீட்டுப்படி:
இல்ல, உங்களுக்குத் தலைகீழ். இங்க காபி மருந்தைத் தடுக்கல, மருந்துதான் காபியைத் தடுக்குது. கஃபைனை ஈரல் உடைக்கிற வேலையை அந்த ஆன்டிபயாடிக் மெதுவாக்கிடும், காலைக் காபி ராத்திரி வரைக்கும் ரத்தத்துல சுத்தும், நாலு காபி ஏழெட்டு காபி மாதிரி அடிக்கும். (கணக்குப்புலி, இங்கதான் உங்க கஃபைன் வில்லன்.) நேரம் தள்ளி வச்சாலும் பிரயோஜனம் இல்ல, கோர்ஸ் முடியற வரைக்கும் ஒண்ணோட நிறுத்திக்கோங்க. மாத்திரையைப் பால், தயிர், அயர்ன், கால்சியத்தோட போடாதீங்க, அது மருந்தைப் புடிச்சுக்கும். ஆனா படபடப்பு காபி நிறுத்தியும் நிக்கலன்னா டாக்டரைக் கூப்பிட்டுடுங்க, எல்லாத்தையும் காபி தலைல கட்ட வேணாம்.

மல்லித்தூள்:
பால் காபிலதான் மாத்திரையே விழுங்கினேன்...

ரெண்டாவது டம்ளர்:
இந்த இழைக்குப் பேரு மாத்தி "காபியோட மாத்திரை விழுங்கினவங்க சங்கம்"னு வச்சுடலாம்.

தூக்கக்கலக்கம்:
(ஏழு வாரம் கழிச்சு எழுதறேன்)
மறக்கல, ரிசல்ட் வரட்டும்னு காத்திருந்தேன். அன்னிக்கே டாக்டருக்குப் போன் பண்ணி காபி, அயர்ன் நேரம் எல்லாம் சொன்னேன். இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேன்னு கொஞ்சம் கடுப்பாத்தான் பேசினார், அப்புறம் 100லயே இருங்க, நேரத்தை மாத்துங்க, ஆறு வாரத்துல டெஸ்ட்னார். அயர்ன் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினார், குமட்டல் போயிடுச்சு.

முதல் வாரம் 6லேர்ந்து 7 வரைக்கும் அடுப்படில உக்காந்து சுவர்க்கடிகாரத்தையே பாத்துட்டிருந்தேன், சத்தியமா சொல்றேன் அந்த ஒரு மணி நேரம் பிரசவ வலி மாதிரி. டிபனுக்கு அப்புறம் காபி இல்லாம ரெண்டு வாரம் தலைவலி, அப்புறம் பழகிடுச்சு. அஞ்சாவது வாரம் கை லேசா நடுங்குச்சு, ஃபேன் கீழ உக்காந்தும் வேர்த்துச்சு, சீட்டுப்படி சார் எழுதினது ஞாபகம் வந்து ஆறு வாரம் முடியறதுக்கு நாலு நாள் முன்னாடியே டெஸ்ட் குடுத்துட்டேன். டிஎஸ்எச் 0.2. திரும்ப 75 ஆக்கிட்டாங்க. ஹீமோகுளோபின் 11.7, ஃபெரிட்டின் 19.

ஸ்கேன்ல ரெண்டு நார்க்கட்டி இருக்கு, பெருசு 4 சென்டிமீட்டர். வெயில்காலம், நீ சொல்லலன்னா நான் போயிருக்கவே மாட்டேன் மா. அடுத்த வாரம் மகளிர் டாக்டரைப் பாக்கறேன்.

வெயில்காலம்:
அக்கா போய்ட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு கண்டிப்பா எழுதுங்க. அது வரைக்கும் அயர்னை நிறுத்திடாதீங்க, 11.7 வந்துடுச்சுன்னு நான் நிறுத்தி ரெண்டே மாசத்துல பழைய எடத்துக்கு வந்தேன்.

சீட்டுப்படி:
ஆமா, ஹீமோகுளோபின் சரியானதுக்கு அப்புறமும் மூணு மாசம் போட்டாத்தான் இருப்பு நெறையும். ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கு எனக்கு. 75ல திரும்ப வந்திருக்கீங்க, ஆனா முன்ன 75 சரியா இருந்தப்ப கூடவே காபி இருந்துச்சு. இப்ப காபி ஒரு மணி நேரம் தள்ளி இருக்கு. 75ம் கொஞ்சம் கூடவே நிக்குமான்னு தெரியல, அடுத்த ஆறு வாரத்துல டிஎஸ்எச் என்னன்னு சொல்லுங்க.

தூக்கக்கலக்கம்:
அப்படிக் கூடுதலா நின்னா டாக்டர் 62.5 குடுக்கலாம்னு ஏற்கனவே சொல்லிட்டார் சார். தங்கச்சி என்ன சொல்றா தெரியுமா, மாத்திரையைக் குறைக்கிறதுக்குப் பதில் பழையபடி பத்து நிமிஷத்துல காபிய குடிச்சுட்டா கணக்கு சரியாயிடுமேன்னு.

சீட்டுப்படி:
கேக்க சிரிப்பா இருக்கு, ஆனா சில டாக்டருங்களே அப்படி நெனைக்கிறவங்க உண்டு, தினமும் ஒரே மாதிரி குடிச்சா அதுக்கேத்த டோஸ் வச்சுக்கலாம்னு. என்னிக்கும் ஒரே நேரம், ஒரே அளவு, ஒரே ஸ்ட்ராங்னு இருந்தா சரி. ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு எந்திரிக்கிறீங்க?

தூக்கக்கலக்கம்:
ஒம்போது 🙈